நோட்டீஸ் பீரியட் எவ்வளவுங்க?

லிங்க்ட்இன்னில் முகத்தைச் சுற்றிப் பச்சை வளையம் மாட்டிக்கொள்ளும் வசதி 2020-இல் வந்தது. கொரோனாவில் வேலை போனவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காமல், ‘எனக்கு வேலை வேண்டும்’ என்று படத்திலேயே காட்டிவிடலாம். மாதச் சம்பளம் தேடுபவருக்கு நல்ல ஏற்பாடுதான். சொந்தமாகத் தொழில் செய்கிற ஒரு டிசைனர் அதை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு என் சித்தி மகன் சாட்சி.

கோயம்புத்தூரில் இருக்கிறான். உணவுப் பொருள் லேபிள், பாக்கெட், அட்டைப்பெட்டி டிசைன் செய்கிறான். கை சுத்தம், கண் அதைவிடச் சுத்தம். ஆனால் அவனுக்கு வரும் போன்களைக் கேட்டால் அவன் என்ன தொழில் செய்கிறான் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடும். பெங்களூரிலிருந்து ஒரு பெண் பேசும். “சார், கரண்ட் சி.டி.சி. எவ்வளவு? எக்ஸ்பெக்டட் எவ்வளவு? நோட்டீஸ் பீரியட்?”

“மேடம், நான் ஃப்ரீலான்சர்.”

“ஓகே சார். நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?”

யாருக்கு நோட்டீஸ் கொடுப்பது என்று அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பான். உள்ளே சித்தி ரசம் தாளித்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு ஏஜென்சி ‘சின்ன அசைன்மென்ட்தான்’ என்று சொல்லி மூன்று லோகோ, ஒரு பிரவுச்சர், ஒரு பேனர் செய்து காட்டச் சொன்னது. செய்து அனுப்பினான். ‘கல்ச்சர் ஃபிட் இல்லை’ என்று பதில் வந்தது. பேனர் மட்டும் ஃபிட் ஆகியிருக்க வேண்டும், எங்கேயோ தொங்குவதாகக் கேள்வி.

நான் பிரஸ்ஸில் ஃபிலிம் ஒட்டிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறவன். என்னிடம் வேலை குவிந்திருந்த ஒரு சமயம், காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர் புது பாட்டிலுக்கு லேபிள் கேட்டார். தம்பியின் பெயரைச் சொல்லி, அவன் பக்கத்தையும் அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“ஏனுங்க, அந்தத் தம்பி வேலை தேடிட்டிருக்குதாட்ட இருக்குதுங்களே?”

“இல்லீங்க, சொந்தமாத்தான் பண்றான்.”

“போட்டோவச் சுத்திப் பச்சையா போட்டிருக்குதுங்க. எம் பையன் பாத்துட்டுச் சொன்னான். நம்ம லேபிளப் பாதியில போட்டுட்டு நாளைக்கு எங்காச்சும் வேலைக்குப் போயிருச்சுன்னா?” கொஞ்ச நேரம் யோசித்தவர் தானே ஒரு வழியும் கண்டுபிடித்தார். “ஒண்ணு பண்ணலாமுங்க. நம்ம மில்லுலயே வந்து சேந்துக்கச் சொல்லுங்க. கம்ப்யூட்டரும் பாத்துக்கிட்ட மாதிரி ஆச்சு, லோடு கணக்கும் எழுதிக்கிட்ட மாதிரி ஆச்சு.”

அவரைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இந்த விஷயத்தின் மொத்தக் காரணமும் அவர் சொன்னதில் இருக்கிறது. வேலை தேடுகிறவன் இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போய்விடுவான் என்பது முதல் பயம். அவனுக்குப் பணம் அவசரமாகத் தேவை, அதனால் கேட்ட விலைக்கு இறங்கி வருவான் என்பது இரண்டாவது கணக்கு. வேலை தேடுகிறவனைச் சோதித்துப் பார்ப்பது முதலாளியின் உரிமை என்பது மூன்றாவது. இலவச சாம்பிள் கேட்பதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். தம்பி தன் பக்கத்தில் இதில் ஒன்றைக்கூட வாயால் சொல்லவில்லை. பச்சை வளையம் மூன்றையும் சொல்லிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். தலைப்பு வரி இப்படி இருந்தது: ‘கிரியேட்டிவ் கிராஃபிக் டிசைனர் | பேஷனேட் | டீம் பிளேயர் | போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் | நல்ல வாய்ப்பை எதிர்நோக்கி’.

“டீம் பிளேயரா? இந்த ரூமுல உன்னைத் தவிர யாருடா இருக்காங்க?”

“எல்லாரும் போடுறாங்கண்ணே.”

கீழே திறமைப் பட்டைகள். போட்டோஷாப் 90 சதவீதம், இல்லஸ்ட்ரேட்டர் 85, இன்டிசைன் 70. மீதிப் பத்து சதவீத போட்டோஷாப் எங்கே போயிற்று என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போகிற இடத்தில் டெய்லர் ‘கத்தரிக்கோல் 85 சதவீதம், ஊசி 70 சதவீதம்’ என்று போர்டு வைத்திருந்தால் எந்தப் பெண்ணாவது துணியைக் கொடுப்பாளா? அவளுக்குத் தேவை தைத்த ரவிக்கை ஒன்றைப் பார்ப்பது, கூலி எவ்வளவு, வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குக் கிடைக்குமா என்பது. எந்த மென்பொருள் தெரியும் என்ற கேள்வி ஆள் எடுக்கிறவருடையது. அவர்தான் அதை ஒரு படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். மில்காரருக்கு இல்லஸ்ட்ரேட்டர் என்பது ஏதோ பம்ப்செட் கம்பெனி.

இதெல்லாம் என் ஊகம் என்று தம்பி வாதாடினான். லிங்க்ட்இன்னிலேயே சாட்சி இருக்கிறது. Search appearances என்று ஒரு பகுதி உண்டு. தேடலில் நம் பெயரைப் பார்த்தவர்கள் என்ன பதவியில் இருப்பவர்கள் என்று அது காட்டும். திறந்து பார்த்தோம். ரெக்ரூட்டர், டேலன்ட் அக்விசிஷன், எச்.ஆர். எக்ஸிக்யூட்டிவ், மறுபடியும் ரெக்ரூட்டர். உரிமையாளர் என்றோ, நிறுவனர் என்றோ, மார்க்கெட்டிங் மேனேஜர் என்றோ ஒரு ஆள் இல்லை. ஒருவருடைய பக்கம் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல தெர்மாமீட்டர் எனக்குத் தெரியாது. இலவசமும்கூட.

முதலில் வளையத்தைக் கழற்றினோம். கழற்றும்போது அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஒரு விவரம் சொன்னேன். உண்மையிலேயே சம்பள வேலையும் தேவைப்பட்டால் Open to work அமைப்பை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம், அப்போது படத்தில் வளையம் வராது. அதே Open to பட்டனுக்குள் Providing services என்று இன்னொரு வாசல் இருக்கிறது. அதில் என்னென்ன சேவை என்று குறித்தால் தனிப் பக்கமே உருவாகும். தம்பி இத்தனை நாளும் பக்கத்து வாசலில் நின்றிருக்கிறான்.

சித்திக்குத்தான் இது பிடிக்கவில்லை. “வேலை தேடறான்னாவது போட்டிருந்துச்சு. இப்ப அதையும் எடுத்துட்டா பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?” என்றார். பெண் வீட்டார் இப்போது லிங்க்ட்இன் பார்க்கிறார்களாம். எனக்கு இது புதுச் செய்தி.

அடுத்தது தலைப்பு வரி. அதற்கு 220 எழுத்துக்குறி வரை இடம் இருக்கிறது. தமிழில் புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் நமக்கு இடம் இன்னும் குறைவு. அதிலும் போனில் பார்க்கிறவருக்கு முதல் சில சொற்கள்தான் தெரியும், மற்றது வெட்டுப்படும். தம்பியின் வரியில் அந்த முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தது ‘கிரியேட்டிவ்’. டிசைனர் தன்னைக் கிரியேட்டிவ் என்று சொல்லிக்கொள்வதால் யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாது. என்ன பொருளுக்கு, என்ன வேலை, என்ன தொல்லை தீரும், எந்த ஊர் என்று நாலு விஷயத்தை மட்டும் எழுதச் சொன்னேன். இரண்டு காபிக்குப் பிறகு வந்தது இது:

‘உணவுப் பொருள் லேபிள், பாக்கெட் டிசைன் | தமிழ் எழுத்து உடையாது, பார்கோடு படிக்கும், ஃபைல் நேரே பிரஸ்ஸுக்குப் போகும் | கோவை’.

“அண்ணே, இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?” என்றான். நியாயமான கேள்வி. அவன் இல்லைதான். மில்காரர் இருக்கிறார். அவருடைய சங்கடம் மூன்றும் வரிசையாக இருக்கின்றன.

முதல் இரண்டையும் நாங்கள் காற்றில் இருந்து பிடிக்கவில்லை. மில்காரரின் பழைய லேபிளிலேயே இரண்டும் இருந்தன. அவருடைய அக்கா மகன் ஓசியில் செய்து கொடுத்தது. அழகாகத்தான் இருந்தது: சந்தன நிறப் பின்னணி, அதில் ஓரங்களோடு ஒத்துப்போகும்படி காப்பிப்பொடி நிறத்தில் பார்கோடு. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண் பாட்டிலை முன்னே காட்டினாள், பின்னே காட்டினாள், துடைத்துக் காட்டினாள், ஸ்கேனர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

காரணம் எளியது. கடைகளில் இருக்கும் பெரும்பாலான லேசர் ஸ்கேனர்கள் சிவப்பு வெளிச்சத்தில் பார்ப்பவை. அந்த வெளிச்சத்தில் சிவப்புக் கோடு வெள்ளைத்தாள் மாதிரியே பளிச்சென்று திருப்பி அடிக்கும், கோடு இருப்பதே தெரியாது. பழுப்பு நிறத்துக்குள்ளும் சிவப்பு ஒளிந்திருப்பதால் அதுவும் மாட்டிக்கொள்ளும். வெள்ளையில் கறுப்பு என்பது ரசனையில்லாத ஆசாமிகள் வைத்த விதி அல்ல. அது போக, கோடுகளுக்கு இரண்டு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும்; 890 என்று தொடங்கும் நம் ஊர்ப் பதின்மூன்று இலக்கப் பார்கோடை அதன் நிலையான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. சின்ன பாட்டிலாக இருந்தால் கோடுகளைப் படுக்க வைத்து ஏணிப்படி மாதிரி அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்துக் கோடுகள் வளைவில் ஒளிந்துகொள்ளும்.

தமிழ் எழுத்தின் கதை இதைவிடப் பரிதாபம். இல்லஸ்ட்ரேட்டரில் யூனிகோடு தமிழைக் கொண்டுவந்து ஒட்டும்போது பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்புகள் இடம் மாறும். ‘தேங்காய்’ என்பதில் தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய்விடும். ‘எண்ணெய்’யில் ணகரத்தின் ஒற்றைக் கொம்பு நகர்ந்து போய் யகரத்தின் தோளில் சாய்ந்துகொள்ளும். மில்காரரின் லேபிளில் அப்படியே அச்சாகியிருந்தது. ஆயிரக்கணக்கில். கவனித்தது யார் என்று கேட்டேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர் பேத்தி.

இப்போது தம்பியின் படைப்புத் தொகுப்புக்கு வருவோம். எல்லா டிசைனர்களும் சறுக்குகிற இடம் இது. கல்லூரியில் செய்த காபிக்கடை லோகோ, நண்பன் கல்யாணத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ், ஹாலிவுட் படத்துக்குத் தானே கற்பனை செய்த போஸ்டர், பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, அப்துல் கலாம் ஓவியம் என்று எல்லாம் கொட்டிக் கிடந்தது. ‘எனக்கு எல்லாம் வரும்’ என்று காட்டுவது வேலை தேடுகிறவருக்கு உதவும், ஏனென்றால் கம்பெனி எதை வேண்டுமானாலும் கொடுக்கும். நேரடியாக வருகிற வாடிக்கையாளர் தன் பாட்டிலைத் தேடுகிறார். பாட்டில் கண்ணில் படாவிட்டால் போய்விடுவார். கலாம் ஐயாவை எடுக்கத் தம்பிக்கு மனசு வரவில்லை. ‘அவரை வீட்டில் ஃப்ரேம் போட்டு மாட்டலாம்’ என்று சமாதானம் செய்தேன்.

ஆறு வேலைகளை மட்டும் வைத்தோம். எல்லாம் லேபிள், பாக்கெட். அதில் இரண்டு, முன்பு ஒரு ஏஜென்சியில் சம்பளத்துக்கு இருந்தபோது செய்தவை. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலைக்கு இருக்கும்போது செய்ததன் உரிமை முதலாளிக்குத்தான். அதனால் பழைய முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கி, ‘ஏஜென்சியில் இருந்தபோது, என் பங்கு லேபிள் அமைப்பும் தமிழ் எழுத்தும் மட்டும்’ என்று அடியில் போட்டோம். யாருக்கும் செய்யாமல் கற்பனையாகச் செய்த மிளகாய்த்தூள் பாக்கெட் ஒன்றும் நன்றாக இருந்தது. அதை எடுக்கவில்லை. ‘பயிற்சிக்குச் செய்தது’ என்று எழுதி வைத்தோம். எழுதாமல் விட்டிருந்தால், ‘இந்தத் தூள் எந்தக் கடையில் கிடைக்கும்?’ என்று ஒருவர் கேட்கும்போது மென்று முழுங்க வேண்டியிருக்கும்.

மில்காரருக்கு லேபிள் கடைசியில் தம்பிதான் செய்தான். நான்தான் ‘அந்தப் பச்சை தானாப் போயிரும்ங்க, எங்கையில ஒப்படைங்க’ என்று பொறுப்பேற்றேன். அந்த வேலையைப் பக்கத்தில் எப்படிப் போடுவது என்று பெரிய வாக்குவாதம். பாட்டிலை மேகத்துக்கு நடுவில் மிதக்கவிட்டு, பக்கத்தில் ஒரு தேங்காய் வெடிக்கிற மாதிரி படம் போட வேண்டும் என்பது அவன் ஆசை. கடை அலமாரியில் மற்ற பாட்டில்களுக்கு நடுவே அது நிற்கிற படத்தைப் போனில் எடுத்துவரச் சொன்னேன். மேகத்தில் யாரும் எண்ணெய் வாங்குவதில்லை. படத்துக்கு அடியில் இவ்வளவுதான் எழுதியது:

‘அரை லிட்டர் தேங்காயெண்ணெய், காங்கேயம். பழைய லேபிளில் பார்கோடு படிக்கவில்லை, தமிழ் எழுத்து உடைந்திருந்தது. பார்கோடு வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பில் மாற்றப்பட்டது. அச்சுக்கு முன் சாம்பிள் எடுத்துக் கடையிலேயே ஸ்கேன் செய்து பார்த்தோம். உரிமம் எண், சைவக் குறி, எடை, விலை எல்லாம் ஒரே பக்கத்தில். கொடுத்தது: பிரஸ்ஸுக்கான ஃபைல், அரை லிட்டர், ஒரு லிட்டர் என இரண்டு அளவில். இதே லேபிள் இரண்டாம் முறை அச்சாகிவிட்டது.’

கடைசி வாக்கியத்துக்காக நான் சண்டையே போட்டேன். தம்பி அங்கே ‘விற்பனை 40 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதியிருந்தான். “உனக்கு யாருடா சொன்னது?” “ஒரு கெத்துக்குண்ணே.” லேபிள் மாறிய மாதத்தில் ஆடி முடிந்து ஆவணி வந்திருக்கும், எதிர்க்கடைக்காரர் விலையை ஏற்றியிருப்பார், விற்பனை எதனால் கூடியது என்று மில்காரருக்கே தெரியாது. தெரிந்தாலும் டிசைனரிடம் கணக்கு நோட்டை நீட்டமாட்டார். அதே லேபிளை மறுபடி அச்சடிக்கிறார் என்றால் அது பணம் போட்டுச் சொன்ன சான்றிதழ். பிரஸ்காரரைக் கேட்டால் தெரிந்துவிடும், பொய் சொல்ல முடியாது. தொழில்காரர்கள் இந்த மாதிரி அற்பமான, சரிபார்க்கக்கூடிய தகவலைத்தான் நம்புகிறார்கள். சதவீதம் எல்லாம் அவர்களே மற்றவர்களுக்குச் சொல்வது, அதனால் அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

‘என்னைப் பற்றி’ பகுதியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுருக்கி வைத்திருக்கும்போது முதல் சில வரிகள்தான் வெளியே தெரியும். அதில் ‘சிறுவயதிலிருந்தே வண்ணங்கள் மீது எனக்குத் தீராக் காதல்’ என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, ‘உங்கள் எண்ணெய், மசாலா, தின்பண்டம் கடை அலமாரிக்குப் போகத் தயாராக இருக்கிறதா? லேபிளை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தொடங்கினோம். வண்ணக் காதல் கீழே எங்கேயாவது இருக்கட்டும்.

விலைதான் பெரும் பஞ்சாயத்து. விலை போட்டால் ஆள் ஓடிவிடுவார் என்று தம்பிக்குப் பயம். அதனால் ‘விலைக்கு இன்பாக்ஸில் வரவும்’ என்று வைத்திருந்தான். விலை போடாத கடைக்குள் நுழைய நம் ஆட்களுக்குக் கூச்சம். கேட்டுவிட்டு வாங்காமல் திரும்ப அதைவிடக் கூச்சம். வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ‘ஒரு லேபிள் ரூ. 8,000 முதல்’ என்று போட்டோம். ‘முதல்’ என்ற சொல் அங்கே காவல்காரன். அதற்குள் என்னென்ன அடக்கம் என்றும் எழுதினோம்: இரண்டு மாதிரி, தேர்ந்தெடுத்ததில் இரண்டு முறை திருத்தம், பிரஸ் ஃபைல். பாதிப் பணம் முன்பணம். மீதி வந்ததும் லேபிளின் உரிமையை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது. தன் பக்கத்தில் காட்டிக்கொள்ளும் அனுமதி மட்டும் தம்பிக்கு. உரிமையைக் கைமாற்றுவதற்குச் சட்டப்படி எழுத்து வேண்டும் என்பதால் இதை வாய்ப்பேச்சில் விடக் கூடாது.

விலை போட்டதும் போன்கள் குறைந்தன. தம்பி பதறினான். குறைந்தவை எவை என்று பார்க்கச் சொன்னேன். ‘500 ரூபாய்க்கு லோகோ முடியுமா ப்ரோ’ வகையறாக்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. அவர்களுக்காக அவன் தினமும் சாயங்காலம் செலவழித்த ஒரு மணி நேரமும் மிச்சம்.

இதற்கு மேல் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். காங்கேயத்து மில்காரர் லிங்க்ட்இன்னில் இல்லை. அவர் பையன் இருக்கிறான், எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தவன், அப்பாவுக்குத் தெரியாமல் மில்லுக்கு இன்ஸ்டாகிராம் தொடங்கியவனும் அவனே. இப்படிப்பட்ட பையன்களும் பெண்களும்தான் தேடுகிறார்கள், பணம் கொடுப்பது அப்பா. அதனால் அதே சொற்களை இன்ஸ்டாகிராமிலும் வைத்தோம். அங்கே அறிமுகத்துக்கு 150 எழுத்துக்குறிதான். பெயர் எழுதும் கட்டம் தேடலில் அகப்படும் என்பதால் பெயருக்குப் பக்கத்திலேயே ‘லேபிள் டிசைன் கோவை’ என்று சேர்த்தோம். மேலே மூன்று பதிவுகளைக் குத்தி வைக்கலாம்: மில்காரரின் பாட்டில் ஒன்று, விலை ஒன்று, வேலை எப்படி நடக்கும் என்று ஒன்று.

வாசலில் வாட்ஸ்அப் எண்ணை மட்டும் வைத்தோம். முன்பு அழகான படிவம் ஒன்று இருந்தது: பெயர், மின்னஞ்சல், பட்ஜெட், ‘உங்கள் பிராண்டின் ஆளுமையை மூன்று சொற்களில் விவரிக்கவும்’. மூன்று சொற்களில் விவரி என்றால் மில்காரர் ‘சுத்தமான தேங்காய் எண்ணெய்’ என்பார், சரியாக மூன்று சொல். அவர் நேரே போன் செய்கிற ரகம். வாட்ஸ்அப் பிசினஸில் தயாராக ஒரு பதிலை வைத்துக்கொள்ள முடியும். யார் வந்தாலும் தம்பி ஒரே தட்டலில் இதை அனுப்புகிறான்: பாட்டில் அல்லது பாக்கெட்டின் போட்டோ, அதன் அளவு, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், பார்கோடு எண் இருந்தால் அது, நிகர எடை, விலை, முகவரி, புகார் செய்ய ஒரு போன் எண், எந்தப் பிரஸ்ஸில் அச்சடிக்கப் போகிறீர்கள். இதையெல்லாம் அனுப்புகிறவர் லேபிள் அடிக்கப் போகிறவர். ‘ஓகே, பார்த்துட்டுச் சொல்றேன்’ என்பவர் பார்த்துக்கொண்டே இருப்பார். லேபிளில் வரும் விவரங்கள் சரியா என்பதற்கு உரிமையாளரே பொறுப்பு என்றும் அதன் அடியில் ஒரு வரி உண்டு. டிசைனர் எழுத்தை அழகாக வைக்கலாம். இல்லாத உரிமத்தை உண்டாக்க முடியாது.

இத்தனையும் செய்து ஒரே ராத்திரியில் வரிசை கட்டி நின்றார்களா என்றால் இல்லை. முதலில் வந்தது மில்காரரின் சம்பந்தி, கடலை மிட்டாய்க்கு. பிறகு மில்காரருக்கு லேபிள் அடித்த பிரஸ்காரரே ஒரு ஊறுகாய்க்காரரை அனுப்பினார், ஏனென்றால் தம்பியின் ஃபைலைத் திருத்தாமல் மெஷினில் ஏற்ற முடிகிறது. யாரும் பக்கத்தை மட்டும் பார்த்து நேரே பணம் அனுப்பிவிடவில்லை. யாரோ பெயரைச் சொல்கிறார்கள், பையன் தேடிப் பார்க்கிறான், அப்பா போன் செய்கிறார். அந்த நடுப் படியில் கால் இடறாமல் இருந்தால் போதும். பச்சை வளையம் அங்கேதான் இடறியது.

நஷ்டமும் உண்டு. லேபிள்காரன் என்று ஆகிவிட்டதால் வெப்சைட் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. கலாம் ஓவியம் கேட்டும் வருவதில்லை, அதில் அவனுக்கு இன்னும் வருத்தம். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை கேட்பது மட்டும் நிற்கவில்லை. அவர்கள் எந்தப் பக்கத்தையும் பார்த்து வருகிறவர்கள் அல்லர். Search appearances பகுதியில் இப்போது ‘பார்ட்னர்’, ‘ப்ரொப்ரைட்டர்’ என்றெல்லாம் தலை தெரிகிறது, ரெக்ரூட்டர்களும் இருக்கிறார்கள். நிஜமாகவே சம்பள வேலை வேண்டும் என்றால் அதற்குத் தனியாக பயோடேட்டா வைத்து, கேட்கிறவருக்கு மட்டும் அனுப்பலாம். ஒரே பக்கத்தில் இரண்டு பேரிடமும் பேசப் போனால் மில்லில் லோடு கணக்கு எழுதும் வேலைதான் கிடைக்கும். அந்த அழைப்பு இன்னும் காலாவதி ஆகவில்லை என்று மில்காரர் போன வாரம்கூடச் சொன்னார்.

சித்தி இப்போது பையன் ‘கம்பெனி வைத்திருக்கிறான்’ என்று பெண் வீட்டாரிடம் சொல்கிறார். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் காபி எடுத்துவரப் போய்விடுகிறார்.

எனக்குத்தான் இதில் கணக்குத் தப்பிவிட்டது. காங்கேயம் பக்கத்திலிருந்து எனக்கு வர வேண்டிய தேங்காயெண்ணெய் லேபிள்கள் எல்லாம் இப்போது நேரே அவனிடம் போகின்றன. ஆகவே கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் விற்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து என்னிடம் வாருங்கள். விலை ரூ. 8,000 முதல், பார்கோடு எண்ணையும் 14 இலக்க எண்ணையும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.